பத்தாயம் நிறைந்த பிறகு நெல் வாங்குவது

நெல்லையப்பர் கோவில் ஆனித் திருவிழாவும், கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் கோடைத் தள்ளுபடியும் பெரும்பாலும் அடுத்தடுத்துதான் வரும். ரத வீதியில் வளையல் கடையும் ராட்டினமும் முளைக்கிற அதே வாரங்களில் என் லேப்டாப்பிலும் ஒரு கடை விரிந்துவிடும். போன ஆனியில் தம்பி பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, அறுபது பெர்சென்ட் போட்டிருக்கான். இப்ப விட்டா போச்சு."

"எங்கயும் போவாதுல. தீவாளிப் பக்கம் மறுபடி போடுவான்" என்றேன். சொன்னதை நானே நம்ப எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கேமுக்கு என்று மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டியது அபூர்வம். ஆகவே பணம் விஷயத்தில் நான் ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் ஸ்டீம் கணக்கில் வாங்கியவற்றின் வரலாறு இருக்கும் பக்கத்தைத் திறந்து, லைப்ரரியையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். மொத்தம் 63 கேம்கள். அதில் 38 கேம்களை ஒரு நிமிடம்கூடத் திறந்ததில்லை. இன்னும் 9 பாதியில் நிற்கின்றன. திறக்காத அந்த 38-க்கு நான் கொடுத்திருந்த தொகை ஏறக்குறைய 9,400 ரூபாய். அத்தனையும் தள்ளுபடியில் வாங்கியவை.

அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பிசான அறுப்பு முடிந்ததும் வருடத்துக்கான நெல்லை வாங்கிப் பத்தாயத்தில் போட்டுவிடுகிற வீட்டில் வளர்ந்தவள். விலை இறங்கும்போது வாங்கி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவளிடமிருந்துதான் கற்றேன். நெல்லுக்கு அது சரி. வீட்டில் மாதம் எத்தனை மரக்கால் செலவாகும் என்று அவளுக்குத் தெரியும். வாங்கியதெல்லாம் உலைக்குப் போய்விடும். என் விஷயத்தில் அந்த முதல் எண்ணே தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால் எந்த வழி நல்லது என்று ஒப்பிடும் முன் இரண்டு எண்களை எடுத்தேன். ஒன்று, மாதம் உண்மையில் எத்தனை மணி நேரம் விளையாடுகிறேன் என்பது. மனக்கணக்கு 40 மணி என்றது. ஸ்டீம் புரொஃபைலில் கடைசி இரண்டு வாரம் விளையாடிய நேரம் காட்டும். அது 11 மணி என்றது. அடுத்த முறை பார்த்தபோது 12. இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து பத்தே முக்காலுக்குக் கண் சொருகுகிறவனுக்கு அவ்வளவுதான் வரும். கல்யாண வீடு, கோவில் கொடை, பராமரிப்புக்கு என்று மின்வாரியம் கரண்டை நிறுத்துகிற நாள், எல்லாம் இதற்குள் அடக்கம். ஆக மாதம் 23 மணி.

இரண்டாவது, கையிருப்பு எத்தனை மணி நேரம் என்பது. இதற்கு ஹவ்லாங்டுபீட் தளம் போதும். ஒவ்வொரு கேமின் முக்கியக் கதையை முடிக்க விளையாடியவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அதில் இருக்கும். ஆனால் அதற்கு முன் பதரைப் புடைத்துத் தள்ள வேண்டியிருந்தது. 38-இல் 14 கேம்கள் நான் விரும்பி வாங்கியவையே அல்ல; ஒரு கேமுக்காக வாங்கிய பண்டிலில் கூடவே வந்தவை. அவற்றை லைப்ரரியில் மறைத்துவிட்டேன். அழிப்பது இல்லை, கண்ணில் படாது, அவ்வளவுதான். மிச்சம் 24, பாதியில் நிற்கும் 9, ஆக 33. கூட்டினால் 620 மணி. மாதம் 23 மணி வீதம் 27 மாதம். இன்றைக்கு ஒரு பைசா செலவழிக்காமல் நிறுத்தினாலும் இரண்டே கால் வருடத்துக்கு விளையாட இருக்கிறது.

இந்த இரண்டு எண்ணும் கையில் வந்த பிறகுதான் நான்கு வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். மூன்றை நானே செய்து பார்த்திருந்தேன்.

முதல் வழி, நான் பழகியிருந்தது: மாதம் 1,000 ரூபாயை அந்தந்த மாதமே செலவழிப்பது. தள்ளுபடியில் 250 ரூபாய் சராசரி என்றால் மாதம் நான்கு கேம். 23 மணி நேரத்தில் என்னால் முடிக்க முடிவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மாதம் இரண்டு கேமாவது சேர்ந்துகொண்டே போகும். பட்ஜெட் தாண்டாததால் தப்பு எதுவும் நடப்பதாகவே தோன்றாது; அதுதான் இந்த வழியின் ஆபத்து. பட்ஜெட் என்பது இதற்கு மேல் போகாதே என்ற வரம்பு. மாத முடிவில் தீர்த்தே ஆக வேண்டிய கோட்டாவாக அதை நான் மாற்றியிருந்தேன். மாதக் கடைசியில் 310 ரூபாய் மிச்சம் இருந்தால் அதற்குள் அடங்குகிற எதையாவது தேடுவேன். மறைத்து வைத்த 14-க்கும் திறக்காமல் கிடக்கும் பலவற்றுக்கும் பிறப்பிடம் அந்த மாதக் கடைசித் தேடல்தான்.

இரண்டாவது வழி, கையிருப்பு தீரும் வரை எதுவும் வாங்குவதில்லை என்று சபதம் போடுவது. நானும் போட்டேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஓடியது. வசந்தத் தள்ளுபடியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். ஜூன் கடைசியில் ஒரே ராத்திரியில் 2,900 ரூபாய் போனது. ஆறு மாதம் விரதம் இருந்தவன் இலையில் உட்கார்ந்த மாதிரி. 27 மாதம் என்பது யாருக்கும் தாங்காத விரதம். வீட்டுக் கடன், ஆஸ்பத்திரிச் செலவு என்று கை இறுகிய சமயத்தில் ஒரு தள்ளுபடியிலிருந்து அடுத்த தள்ளுபடி வரை மூன்று மாதம் நிறுத்துவதற்கு இது சரி. கையிருப்பைத் தீர்க்கும் வழியாகச் சரிப்படவில்லை.

மூன்றாவது வழி பலர் சொல்வது: இரண்டு முடித்தால் ஒன்று வாங்கலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நாலைந்து மாதம் செய்து பார்த்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் முடித்ததெல்லாம் குட்டி கேம்கள். போர்ட்டல் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். தி விட்சர் 3 முக்கியக் கதைக்கே ஐம்பது மணி நேரம் கேட்கும். இரண்டுக்கும் கணக்கில் ஒரே மதிப்பெண். அப்புறம் எவன் விட்சரைத் தொடுவான்? வாங்குவதற்கு அனுமதிச் சீட்டு சம்பாதிப்பதற்காக விளையாடிக்கொண்டிருந்தேன். இந்த வழியில் இன்னொரு கோளாறும் உண்டு. முடித்தால்தான் கணக்கு என்பதால், பிடிக்காத கேமையும் கடைசி வரை இழுத்துக்கொண்டிருப்போம். ஆறு மணி நேரம் விளையாடிப் பிடிக்கவில்லை என்று நிறுத்துவதும் ஒரு முடிவுதான்; அதையும் கணக்கில் சேர்த்தால் இந்த வழி கொஞ்சம் தேறும்.

நான்காவது வழிதான் இப்போது என்னுடையது. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்குவது மாறவில்லை, ஆனால் செலவாகாத பணம் அடுத்த மாதத்துக்குப் போகும். 3,000 ரூபாய் வரைதான் சேர விடுவேன், அதற்கு மேல் வீட்டுச் செலவுக்கு. வாங்குவதற்கு ஒரே நிபந்தனை: வாங்குகிற கேமை முப்பது நாளுக்குள் தொடங்கியாக வேண்டும். லேப்டாப்பில் 512 ஜிபி தான் இடம். அதில் மூன்று கேம்களுக்கு மேல் வைப்பதில்லை. நீளமானது ஒன்று, சின்னது ஒன்று, நண்பர்களோடு ஆடுவது ஒன்று. மூன்று இடமும் நிறைந்திருந்தால் புதிதாக வாங்குவதை முப்பது நாளுக்குள் தொடங்க வழியே இல்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த நிபந்தனை ஏன் செல்லும் என்றால், காத்திருப்பதால் நஷ்டம் அநேகமாக இல்லை. ஸ்டீமில் பருவத் தள்ளுபடி வருடத்துக்கு நான்கு முறை: மார்ச்சில் வசந்தம், ஜூன் கடைசியில் கோடை, பிறகு இலையுதிர் காலம், டிசம்பர் கடைசியில் குளிர்காலம். இடையிடையே பதிப்பாளர் தள்ளுபடி, வகைவாரித் தள்ளுபடி என்று சின்னச் சின்னதாக வரும். ஒரு கேம் ஒருமுறை 50 சதவீதம் தொட்டால் அடுத்தடுத்த தள்ளுபடிகளிலும் அதே விலைக்கோ அதற்குக் கீழேயோ வருவதுதான் வழக்கம். ஒரு காலத்தில் சில மணி நேரம் மட்டும் நிற்கும் மின்னல் விலைகள் உண்டு. 2015 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பருவத் தள்ளுபடியில் முதல் நாள் விலைதான் பொதுவாகக் கடைசி நாள் வரை. ஆகவே முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வாங்குவதில் லாபம் எதுவும் இல்லை. விஷ்லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மூடி வைக்கலாம். கடைசி நாளுக்கு முந்திய ராத்திரியும் எது மனதில் நிற்கிறதோ அதை மட்டும் எடுக்கலாம்.

சரி, போன ஆனியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய். ஏப்ரலில் 450 செலவானது போக கையில் 2,550. விஷ்லிஸ்ட்டில் ஆறு கேம்கள் தள்ளுபடியில் இருந்தன. மூன்று இடங்களில் நீளமானது மட்டும் நிறைந்திருந்தது. ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் போகிற ஆர்பிஜி கேம் ஒன்றில் 20 மணி நேரம் உள்ளே போயிருந்தேன்.

தம்பி கைகாட்டிய அறுபது சதவீதம் ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம். 2,999 ரூபாயுடையது 1,200-க்கு. ஐம்பது மணி நேரம் ஓடும், மணிக்கு 24 ரூபாய் விழுகிறது என்று அவன் கணக்கும் சொன்னான். மணிக்கு இத்தனை ரூபாய் என்கிற கணக்கில் நீளமான கேம் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் ஐம்பது மணி என்பது எனக்கு இரண்டு மாதத்துக்கும் மேல். நீளமான இடம் காலியாகவும் இல்லை. விட்டேன்.

அடுத்தது கையால் வரைந்த ஒரு மெட்ராய்ட்வேனியா, ஒரே வரைபடத்துக்குள் சுற்றிச் சுற்றிப் புது வழி திறக்கிற வகை கேம், 560-இல் பாதி, 280 ரூபாய். ரொம்ப நாள் ஆசை. ஸ்டீம் விலைகளின் வரலாறு காட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் அதன் விலை வரைபடத்தைப் பார்த்தேன். இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் நம் விலையின் வரலாறு வரும். கடைசி நான்கு பருவத் தள்ளுபடியிலும் அதே 280. ஒரே ஆழத்தில் பள்ளங்கள் வரிசையாக. இப்படி ஒரு வரைபடம் தெரிந்தால் அவசரமே இல்லை என்று அர்த்தம். அதையும் விட்டேன்.

மூன்றாவது, நான் விளையாடிக்கொண்டிருந்த அதே ஆர்பிஜியின் கூடுதல் பகுதி, 40 சதவீதம் தள்ளுபடி. மனசு ரொம்ப இழுத்தது இதற்குத்தான். ஆனால் மூலக் கதையில் இன்னும் பாதி இருக்கிறது. அது முடிவதற்குள் அடுத்த தள்ளுபடி வந்துவிடும். நடுவில் எனக்கு அலுத்துப்போனால் கூடுதல் பகுதியும் வீண்.

நான்காவது, ஐந்து கேம்கள் கொண்ட பண்டில், 1,150 ரூபாய். ஒன்று 230 தான் ஆகிறது. நான் விரும்பியது அதில் ஒன்றைத்தான். தனியாக அதன் விலை 520. ஒரு கேமுக்கு 630 ரூபாய் கூடக் கொடுத்து, மறைத்து வைக்க இன்னும் நான்கு கேம் வாங்குவது போல. பண்டிலில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பண்டிலுக்கு அந்த இரண்டு மணி எல்லா கேம்களுக்கும் சேர்த்து. ஐந்தையும் அரை அரை மணி பார்த்தாலே வாய்ப்பு போய்விடும். அந்த 520 கேமும் நீளமானதுதான், அதனால் தனியாகவும் எடுக்கவில்லை.

ஐந்தாவதில்தான் தம்பி என்னைக் கிறுக்கன் என்றான். நாலு பேர் சேர்ந்து ஆடுகிற கேம், 880 ரூபாய், வெறும் 10 சதவீதம் தள்ளுபடி, 792. பட்டியலிலேயே மோசமான தள்ளுபடி. வாங்கினேன்.

"ஏண்ணே, பாதி விலைக்கு வந்தத எல்லாம் விட்டுட்டு இதப் போயி வாங்குதியே?"

பாளையங்கோட்டையில் என்னோடு படித்த மூன்று பேர் அந்த மாதம் சனிக்கிழமை ராத்திரிகளில் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சென்னையில், ஒருவன் துபாயில். டிசம்பரில் அது 400 ரூபாய்க்கு வரலாம். அப்போது அவர்கள் வேறெதற்கோ போயிருப்பார்கள், நான் அரை விலைக்கு வாங்கித் தனியாக உட்கார்ந்திருப்பேன். காத்திருந்தால் நஷ்டம் வருகிற சில வகைகளில் இது முதலாவது.

ஆறாவது எட்டு மணி நேரக் கதை கேம், 199 ரூபாய். சின்ன இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு ராத்திரியே திறந்தேன். வாங்கிய ராத்திரியே ஒரு மணி நேரம் திறந்து பார்ப்பது எதற்கும் நல்லது. லேப்டாப்பில் திணறுகிறதா, கை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும், பணத்தைத் திரும்பக் கேட்க 14 நாளும் முழுசாக இருக்கும். மூன்று மாதம் கழித்துத் திறந்து, ஓடவில்லை என்று கண்டுபிடித்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது. என் லைப்ரரியில் அப்படி இரண்டு இருக்கின்றன. ஆனால் இதையே ஓசியில் விளையாடும் வழியாக வைத்துக்கொண்டால், ரீஃபண்ட் தருவதை நிறுத்திவிடுவோம் என்று ஸ்டீம் சொல்லியே வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், தள்ளுபடிக்குச் சற்று முன்னால் முழு விலைக்கு வாங்கிவிட்டால் அதைத் திருப்பிவிட்டுத் தள்ளுபடி விலையில் மறுபடி வாங்குவதைத் துஷ்பிரயோகமாகப் பார்ப்பதில்லை என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் அந்த 14 நாள், இரண்டு மணி பொருந்த வேண்டும்.

792-உம் 199-உம், 991 ரூபாய். மிச்சம் 1,559 அடுத்த மாதத்துக்குப் போனது.

காத்திருப்பதில் நஷ்டம் இல்லை என்பதற்கு இன்னும் இரண்டு விலக்குகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, கடையிலிருந்தே போய்விடுகிற கேம்கள். நிஜக் கார்களும் நிஜப் பாட்டுகளும் உள்ள பந்தய கேம்களுக்கு அந்த உரிமங்கள் ஒரு நாள் காலாவதியாகும். ஃபோர்ஸா ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பர் 15-ஆம் தேதி விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் இன்னும் இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்கக் கடையில் இல்லை. இப்படித் தேதி அறிவித்தால், உண்மையிலேயே ஆடுகிற ஆளாக இருந்தால், முப்பது நாள் விதியை மீறலாம்.

மற்றொன்று அடிப்படை விலை ஏறுவது. ஒவ்வொரு நாட்டுக்குமான பரிந்துரை விலையை 2022 அக்டோபரில் ஸ்டீம் மாற்றியது. நம் ரூபாய்க்கும் கூட்டித்தான் சொன்னார்கள். கேட்பதும் கேட்காததும் பதிப்பாளர் இஷ்டம், ஆனால் பலர் ஏற்றினார்கள். அடிப்படை ஏறினால் 60 சதவீதம் என்ற பச்சைப் பட்டை அப்படியே இருக்கும், கொடுக்க வேண்டிய ரூபாய் மட்டும் கூடியிருக்கும். இப்படி ஒன்றில் நானும் மாட்டினேன். அடுத்த முறை பார்ப்போம் என்று விட்ட ஒரு கேமுக்கு, அதே சதவீதத்தில், 110 ரூபாய் கூடக் கொடுத்தேன். அதிலிருந்து சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்டீம்டிபியில் ரூபாய்க் கோட்டை மட்டும் பார்க்கிறேன். காத்திருந்ததால் இதுவரை எனக்கு வந்த மொத்த நஷ்டம் அந்த 110 ரூபாய். காத்திருக்காததால் வந்தது 9,400.

வீட்டில் இரண்டு பேர் விளையாடினால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டீம் ஃபேமிலீஸில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர் வரை சேரலாம். ஒருவர் லைப்ரரியிலிருந்து மற்றவர் எடுத்து ஆடலாம், இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு கேம் ஆடலாம். ஒரே கேமை ஒரே நேரத்தில் ஆட மட்டும் இரண்டு பிரதி வேண்டும், சில பதிப்பாளர்கள் பகிரவே விடுவதில்லை. தம்பியைச் சேர்த்த அன்று அவன் வாங்க நினைத்திருந்த மூன்று கேம்கள் என்னிடம் திறக்காமல் கிடந்தன. மறைத்து வைத்த 14-இல் ஒன்றை அவன் இப்போது தினமும் ஆடுகிறான்.

இலையுதிர் தள்ளுபடியில் அந்த மெட்ராய்ட்வேனியாவைப் பார்த்தேன். 280 ரூபாய். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையிருப்பு 33 இப்போது 28. நீளமான இடத்தில் அதே ஆர்பிஜிதான், இன்னும் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி. அது முடிகிற ராத்திரி அந்த 280-ஐக் கொடுப்பேன். அன்றைக்குத் தள்ளுபடி இல்லையென்றால் அந்த 28-இல் பாதியில் நிற்கும் விட்சர் இருக்கிறது.